உஷார்! உங்களுக்கு முதல் அலுமாரி சொல்லிவிடும்

"டீச்சர், மகவேற்பு எண்டா என்ன?"

தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பும் கிழமை அது. பதினைந்து வயதானவர்களின் படிவங்களைப் பாடசாலையில்தான் சேர்க்கிறோம். "நாளைக்குப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ" என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். உட்துறைமுக வீதிப் பக்கமிருந்து வரும் அந்தப் பிள்ளை, அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் தானே அலுமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கடதாசியை எடுத்து வந்துவிட்டாள். எல்லாருக்கும் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அவளிடம் இருந்தது மகவேற்புச் சான்றிதழ். அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கில்லை. "அம்மாவோட கதைப்பம்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் என் முகம் சொல்லிவிட்டது. அன்று பின்னேரம் அந்தத் தாய் பாடசாலை வாசலில் நின்று அழுதது இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. "பதினெட்டு வயசில சொல்லுவம் எண்டு வச்சிருந்தனாங்கள் டீச்சர்."

பெற்றோரே, உஷார்! பதினெட்டு வரை அந்த இரகசியம் உங்கள் கையில் இருக்காது. நம் நாட்டில் மகவேற்பு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையோடு நடக்கிறது. பிறகு பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பதிவேட்டில் அது ஏறுகிறது. அந்தப் பதிவிலிருந்து வரும் கடதாசி முதலாம் வகுப்பு அனுமதியில் ஒருதரம் வெளியே வரும். அப்போது பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. அடையாள அட்டைக்காக அடுத்ததரம் வெளியே வரும்போது பிள்ளை அதைத் தானே வாசிக்கும்.

கடதாசியை ஒளித்துவிடலாம் என்று நினைத்தால், இரத்தம் இருக்கிறது. தாயும் தகப்பனும் O வகை என்றால் பிள்ளை A ஆகவோ B ஆகவோ இருக்க வழியில்லை. இது விஞ்ஞான பாடத்திலேயே வருகிறது. இரத்ததான முகாமிலிருந்து ஒரு அட்டையோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு இந்தக் கணக்குப் போட ஐந்து நிமிடம் போதும்.

இரத்தத்தையும் கடதாசியையும்விட மோசமானது வாய். ஒரு சாமத்திய வீட்டில் என் காதால் கேட்டது இது. தண்ணி வார்க்க மாமன் குடத்தைத் தூக்குகிறார். பந்தலுக்குள் இருந்த ஒரு வயதான மனுசி பக்கத்தில் இருந்தவவிடம், "எடுத்து வளர்த்ததுக்கு மாமன் முறை எங்கால வந்தது?" என்கிறா. மெதுவாகத்தான் சொன்னா. பலகையில் இருந்த பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. தன் பிறப்பைப் பற்றி முதன்முதலாகக் கேட்ட செய்தி அவளுக்கு ஒரு ஏளனமாக வந்து சேர்ந்தது.

இரகசியம் காப்பதுதான் நம் வழக்கம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையில், பிள்ளை எடுப்பவர்கள் உறவினரும் ஊராரும் பார்த்திருக்க மஞ்சள் தண்ணி குடிக்க வேண்டும். மூதூர், கிண்ணியா முஸ்லிம் வீடுகளைப் பாருங்கள். வளர்க்கும் பிள்ளையைப் பெற்ற தகப்பனின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. பத்து வயது தாண்டிய பிள்ளையை மகவேற்பதென்றால் அந்தப் பிள்ளையின் சம்மதத்தையே சட்டம் கேட்கிறது. மூடி மறைக்கும் பழக்கம் இடையில் வந்தது.

அப்படியானால் எப்போது சொல்வது? மூன்று வயதுக்கு முன்பே தொடங்குங்கள். அமெரிக்காவில் மகவேற்கப்பட்டு வளர்ந்த 254 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மூன்று வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டவர்கள் கூடுதலான மன உளைச்சலைச் சொன்னார்கள். காரணம் விளங்கக்கூடியது. சிறு வயதிலிருந்து தெரிந்த பிள்ளைக்கு "எனக்குத் தெரியவந்த நாள்" என்று ஒரு நாளே இல்லை. நாள் இல்லையென்றால் அதிர்ச்சியும் இல்லை.

கைக்குழந்தை முதல் மூன்று வரை. இது பிள்ளைக்கு விளங்குவதற்காக அல்ல, உங்கள் வாய் பழகுவதற்காக. குளிப்பாட்டும்போது, நித்திரையாக்கும்போது சொல்லுங்கள்: "நீ எங்கட வீட்டுக்கு வந்த நாள் நல்ல மழை. அப்பா குடை பிடிச்சவர். அம்மா உன்னை நெஞ்சோட வச்சுக்கொண்டு வந்தனான்." அந்த நாளின் படத்தை அல்பத்தில் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். தொண்டை அடைக்காமல் சொல்ல இப்போதே பழகாவிட்டால் பிறகு சொல்லவே வராது.

மூன்று முதல் ஐந்து. "எல்லாப் பிள்ளையும் ஒரு அம்மான்ட வயித்தில இருந்துதான் வரும். நீ வேற ஒரு அம்மான்ட வயித்தில இருந்தனீ. அவவால பிள்ளை வளர்க்க ஏலாமல் இருந்தது. நாங்கள் கோட்டுக்குப் போய்க் கேட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்." இவ்வளவு போதும். "வாங்கினோம்" என்ற சொல் வேண்டாம். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று மாமாமார் செய்யும் பகிடியை இன்றே நிற்பாட்டச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைக்கு அது சிரிப்பு. இந்தப் பிள்ளை அதை நம்பிவிடும்.

இந்த வயதில் பிள்ளை கதையை அப்படியே திருப்பிச் சொல்லும், வருபவர்களிடம் பெருமையாகவும் சொல்லும். "விளங்கிவிட்டது, இனிச் சொல்லத் தேவையில்லை" என்று ஏமாந்துவிடாதீர்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்ஸின்ஸ்கி 1980களில் பிள்ளைகளோடு பேசிப் பார்த்துக் காட்டியது இதுதான்: பிறப்பதும் மகவேற்கப்படுவதும் வேறு வேறு என்பது ஆறு வயதளவில்தான் மெல்லப் பிடிபடுகிறது.

ஆறு முதல் எட்டு. "அவ ஏன் என்னைக் குடுத்தவ?" என்ற கேள்வி வரும். இங்கேதான் நல்ல மனதோடு பிழை விடுகிறோம். "உன்னில அவ்வளவு பாசம், அதாலதான் குடுத்தா" என்று சொன்னால், பாசம் வைத்தவர்கள் விட்டுவிடுவார்கள் என்று பிள்ளை கணக்குப் போடும். நீங்களும் பாசமாகத்தானே இருக்கிறீர்கள்! "காசில்லை, அதுதான்" என்று மட்டும் சொன்னால், வீட்டில் அடகுக் கடைப் பேச்சு வரும்போதெல்லாம் பிள்ளைக்கு நித்திரை போகும். காரணத்தைச் சொல்லுங்கள், அதோடு நிற்காதீர்கள்: "அந்த நேரம் அவவுக்கு உதவி செய்ய ஒருத்தரும் இருக்கேல்ல. எந்தப் பிள்ளை பிறந்திருந்தாலும் அவவால வளர்த்திருக்க ஏலாது. உன்னில ஒரு பிழையும் இல்லை. எங்களுக்கு வருத்தம் வந்தாலும் காசு முடிஞ்சாலும் நீ எங்கட பிள்ளைதான். நீதிபதியும் அப்பிடித்தான் எழுதித் தந்தவர்."

ஒன்பது முதல் பன்னிரண்டு. என்னை மிகவும் பயப்படுத்துவது இந்த வயதுதான். தன்னை ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் இன்னொருவர் விட்டிருக்க வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கும். நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அல்பத்தைத் தொடாது. அது நன்றிகெட்டதனம் அல்ல, துக்கம். "நாங்கள் என்ன குறை வச்சனாங்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். "அவவைப் பற்றி யோசிக்கிறியோ? நானும் சில நேரம் யோசிக்கிறனான். உன்ர பிறந்த நாளில அவவும் யோசிப்பா எண்டு நினைக்கிறன்" என்று நீங்களே கதவைத் திறந்து விடுங்கள். வகுப்பில் யாரும் சீண்டினால் சொல்ல ஒரு வசனமும் கொடுத்துவிடுங்கள்: "ஓம், எனக்குத் தெரியும். அது எங்கட வீட்டுக் கதை." அதற்குப் பிறகு சீண்டுகிறவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

பதின்மூன்றுக்கு மேல். அடையாள அட்டைப் படிவம் வருவதற்கு முதலே சான்றிதழை மேசையில் வைத்து ஒன்றாக வாசியுங்கள். யுத்தம், சுனாமி, கலியாணமாகாத தாய், எதுவாக இருந்தாலும் நீங்கள் அறிந்த உண்மையை இந்த வயதில் முழுமையாகச் சொல்லுங்கள். ஆனால் கடதாசியில் உள்ள பெயருக்கு நீங்கள் சத்தியம் செய்ய வேண்டாம். 1970, 80களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குழந்தைகளில் பலரின் பத்திரங்கள் போலியாக இருந்ததையும், தாய் என்று வேறு பெண்கள் வந்து நின்று கையளித்ததையும் 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'ஸெம்ப்லா' வெளிக்கொண்டு வந்தது. அவர்களில் சிலர் பத்திரத்தில் இருந்த பெயரை நம்பி இங்கே வந்து, சொந்தமில்லாத பெண்களைத் தேடித் திரிந்தார்கள். அதனால் "அவதான் உன்ர அம்மா" என்று சொல்லாமல், "கடதாசியில இப்பிடி எழுதியிருக்கு. தேட விரும்பினால் நாங்களும் கூட வாறம்" என்று சொல்லுங்கள். தேடலை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் தொடங்குங்கள். முகநூலில் தொடங்க வேண்டாம்.

ஏற்கெனவே பிந்திவிட்டீர்களா? பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு ஆகியும் சொல்லவில்லையா? இன்றே திட்டமிடுங்கள். ஆனால் நாள் பார்த்துச் சொல்லுங்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அமுதாவுக்கு அவளது ஒன்பதாவது பிறந்தநாளில்தான் சொல்வார்கள். அதைப் பின்பற்றாதீர்கள், பிறகு ஒவ்வொரு பிறந்தநாளும் அந்த நாளாகவே வரும். பரீட்சைக் கிழமை, சாமத்தியச் சடங்கு, கோவில் திருவிழா எதுவும் வேண்டாம். விடுமுறை தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாள், தாயும் தகப்பனும் இருவருமாக, வீட்டில், காலையில் சொல்லுங்கள். இரவில் சொன்னால் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்துகொண்டு படுக்கும்.

முதல் வசனம் மன்னிப்பாக இருக்கட்டும்: "இதை நாங்கள் முதலே சொல்லியிருக்க வேணும். பயத்தில சொல்லேல்ல. பிழை எங்களில." பிறகு செய்தியை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிள்ளை கத்தலாம், கதவை அடிக்கலாம், "நீங்கள் என்ர அம்மா இல்லை" என்று சொல்லலாம். "நான் இங்கதான் இருப்பன்" என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம். ஆறுதலுக்கென்று உறவினர் வீட்டுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். தன்னை மறுபடியும் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு ஒருதரம் வந்தாலும் தாமதிக்கக் கூடாது. சிறுவர்களுக்கு 1929, மனநல உதவிக்கு 1926, இரண்டும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் இலக்கங்கள்.

என்னிடம் சான்றிதழோடு வந்த பிள்ளை மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்து, நிரப்பிய படிவத்தை நீட்டினாள். "டீச்சர், ஊர் முழுக்கத் தெரியுமாம். எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள். எடுத்து வளர்த்தார்கள் என்பதற்காக அவள் அழவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்ததைத் தன்னிடம் மட்டும் மறைத்தார்கள் என்பதற்காக அழுதாள்.

உங்கள் அலுமாரியிலும் அப்படியொரு பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? அதை இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள்.