முட்டைச் சூப்பில் பட்டு இழைகள்

சீன வீடுகளில் பத்து நிமிடத்தில் அடுப்பிலிருந்து இறங்கிவிடுகிற எளிய சூப் இது. கோழிச் சாறு, அடித்த முட்டை, கொஞ்சம் வெங்காயத்தாள், அவ்வளவுதான். ஆனால் இதே பொருட்களை வைத்து ஒருவர் செய்தால் மெல்லிய மஞ்சள் இழைகள் சாறு முழுக்க மிதக்கும். இன்னொருவர் செய்தால் கலங்கிய தண்ணீரில் முட்டைத் துணுக்குகள் கிடக்கும். முட்டை சாற்றைத் தொட்ட முதல் ஓரிரு வினாடிகளில் நடப்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்குகிறது. மஞ்சள்கரு இறுக இன்னும் சற்று அதிகச் சூடு வேண்டும். கொதிநிலையை ஒட்டியிருக்கும் சாற்றில் மெல்லிய தாரையாக விழும் முட்டை உடனே இறுகிவிடும். இறுகுவதற்கு முந்தைய அந்தக் கணத்தில், நகர்ந்துகொண்டிருக்கும் சாறு அதைப் பிடித்து இழுக்கிறது. தாரை நீண்டு மெலிகிறது. மெலிந்த நிலையிலேயே வெந்துவிடுகிறது. சாறு அசையாமல் நின்றால் இழுக்க எதுவும் இல்லை, முட்டை விழுந்த இடத்திலேயே தடித்த கட்டியாகும். தளதளவென்று கொதித்தாலோ, கரண்டியால் வேகமாகச் சுழற்றினாலோ இழை நீள்வதற்குள் அறுந்து தூளாகும். அதனால்தான் மெதுவான ஓட்டமும் மெதுவான ஊற்றலும் இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

நான்கு பேருக்கு ஒரு லிட்டர் கோழிச் சாறு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு இஞ்சி, உப்பு, ஒரு சிட்டிகை வெள்ளை மிளகுத்தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, இஞ்சியை எடுத்துவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றி, ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். சாறு கரண்டியின் முதுகில் மெல்லியதாகப் படிய வேண்டும், கஞ்சிபோல் ஆகிவிடக் கூடாது.

பலர் இந்த மாவைக் கெட்டிப்படுத்தும் பொருளாக மட்டுமே நினைக்கிறார்கள். இழைக்கு அது செய்யும் உதவி அதைவிடப் பெரியது என்பது என் கருத்து. கெட்டியான சாறு குழம்பாமல் சீராக ஓடும். இழைகள் அடியில் படியாமல் சாற்றுக்குள்ளேயே தாங்கி நிற்கும். சீன வீடுகளில் மாவு சேர்க்காமல் தக்காளி போட்டுச் செய்வதும் உண்டு. அது இலேசாக, நன்றாகவே இருக்கும். இழை மட்டும் இவ்வளவு வழுவழுப்பாக வராது.

மூன்று முட்டைகளை முள்கரண்டியால் கலக்குங்கள். வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகக் கலந்தால் போதும், நுரை பொங்க அடிக்க வேண்டாம். நுரை மேலே மிதந்து பஞ்சுபோல் வெந்துவிடும். வெள்ளைக்கரு திரிதிரியாக நின்றால் அது தாரையில் சிக்கிக் கட்டியாக விழும்; கவலையாக இருந்தால் வடிகட்டிக்கொள்ளலாம். முட்டையிலேயே ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் கரைசல் சேர்த்தால் வெந்தபின் இழை இறுகாமல் மிருதுவாக இருக்கும்.

இப்போது தீயைக் குறையுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் சிறு குமிழிகள் எழுந்தால் சரியான சூடு. கரண்டியை ஒரே திசையில் இரண்டு மூன்று முறை சுற்றி, சாறு சோம்பலாகச் சுழலத் தொடங்கியதும் கரண்டியை எடுத்துவிடுங்கள். முட்டைக் கிண்ணத்தின் விளிம்பில் முள்கரண்டியைக் குறுக்கே வைத்து, அதன் பற்களின் ஊடாக முட்டை நூலாக இறங்கும்படி, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். நடுவில் மட்டும் ஊற்றாமல் கையை வட்டமாக நகர்த்துங்கள்.

மூன்று முட்டையையும் ஒரே மூச்சில் கொட்டினால் சாற்றின் சூடு இறங்கிவிடும். அப்போது முட்டை இறுகாமல் கரைந்து, சூப் பால்போல் வெளுத்துக் கலங்கும். மூன்றில் ஒரு பங்கை ஊற்றியதும் சற்று நிறுத்துங்கள். இழைகள் நிறம் மாறி மேலெழும். ஓரத்தில் மறுபடி குமிழி தெரியும். அதன் பிறகே அடுத்த பங்கு. சுழற்சி நின்றிருந்தால், கரண்டியால் ஓரமாக ஒரு தள்ளு போதும். முழுதும் ஊற்றி முடித்ததும் பதினைந்து வினாடி கை வைக்காமல் விடுங்கள். வேகாத இழையைக் கிளறினால் அது உடையத்தான் செய்யும்.

இழை உடைவது எல்லா ஊரிலும் குறையல்ல. ரோம் நகரின் ஸ்ட்ராச்சாதெல்லா என்ற சூப்பில், பாலாடைக்கட்டி கலந்த முட்டையைக் கொதிக்கும் சாற்றில் ஊற்றி வேகமாகக் கிளறுகிறார்கள். கந்தலாகக் கிழிந்த துணுக்குகளே அங்கே வேண்டும். ஜப்பானியரின் காக்கிதாமாஜிருவோ, மாவுச்சத்து சேர்த்த மெல்லிய சாற்றில் இழை விடும் முறையையே பின்பற்றுகிறது.

அடுப்பை அணைத்துவிட்டு வெங்காயத்தாள் தூவி, சில துளி எண்ணெய் விடுங்கள். சீனர்கள் பயன்படுத்துவது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நம் நல்லெண்ணெயில் அந்த வறுத்த வாசனை இருக்காது, ஆகவே அதை ஊற்றி அதே மணத்தை எதிர்பார்க்க முடியாது. சூப்பை உடனே பரிமாறிவிடுங்கள். மறுபடி சூடாக்கினால் இழைகள் இறுகி ரப்பர்போல் ஆகும். பாதிப் பேர் தாமதமாக வருவார்கள் என்றால், கெட்டிப்படுத்திய சாற்றில் பாதியைத் தனியே வைத்துக்கொண்டு, அவர்கள் வந்தபின் சூடாக்கி அதற்குரிய முட்டையை ஊற்றுங்கள்.