அஞ்சு ஏழு என்றால் எத்தனை சென்டிமீட்டர்?

பிரவுசிங் சென்டரில் காவலர் வேலைக்கு விண்ணப்பம் போட வந்த பையனிடம் கணினி முன்னால் இருப்பவர் கேட்கிறார்: "உயரம் எவ்ளோ தம்பி?"

"அஞ்சு ஏழுண்ணே."

"சென்டிமீட்டர்ல சொல்லுப்பா, இதுல அடி கெடையாது."

பையன் விழிக்கிறான். அவர் கூகுளில் 5.7 feet in cm என்று தட்டுகிறார். திரையில் 173.736 என்று வருகிறது. "நூத்தி எழுபத்து மூணு, போட்டுக்கவா?" என்கிறார். பையனுக்கு மகிழ்ச்சி. அறிவிக்கையில் கேட்டது 170 தானே, மூன்று சென்டிமீட்டர் கூடவே இருக்கிறது!

அந்த மூன்று சென்டிமீட்டர் அவன் உடம்பில் இல்லை. நடுவில் வைத்த புள்ளியிலிருந்து வந்தது. அடிக்கு 12 இன்ச். ஆனால் கால்குலேட்டர் 5.7 என்பதை ஐந்து அடியும் ஓர் அடியில் பத்தில் ஏழு பங்கும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பத்தில் ஏழு அடி என்பது ஏழு இன்ச் அல்ல, 8.4 இன்ச். பையன் சொன்னது 5 அடி 7 இன்ச். அதன் சரியான அளவு 170.18 சென்டிமீட்டர். ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டரைப் புள்ளி சும்மா தந்துவிட்டது.

இந்தத் தவறு எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. புள்ளிக்குப் பின்னால் எழுதும் ஒவ்வொரு இன்ச்சும் அரை சென்டிமீட்டரைக் கூட்டிக்கொண்டே போகும். 5 அடி 2 இன்ச் ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர்தான் கூடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 5 அடி 9 இன்ச் ஆளுக்கு நாலரை சென்டிமீட்டர் கூடிவிடும். அதற்கு அடுத்த இன்ச்சில்தான் வேடிக்கை. 5 அடி 10 இன்ச்சை 5.10 என்று தட்டினால் கால்குலேட்டருக்கு அது 5.1 தான். விடை 155.4 என்று வரும். உண்மையில் அந்த ஆள் 177.8 சென்டிமீட்டர். ஒன்பது இன்ச் ஆளைப் பனைமரமாக்கிய அதே புள்ளி, பத்து இன்ச் ஆளைப் பள்ளிக்கூடப் பையனாக்கிவிடுகிறது. ஒரு வகையில் இவர்தான் கொடுத்துவைத்தவர். தப்பு என்று பார்த்ததும் தெரிந்துவிடும். 5.7 என்று தட்டியவருக்கு வரும் 173.7 நம்பும்படியாக இருப்பதுதான் ஆபத்து.

பேச்சுவழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் பெரியவர்கள் "அஞ்சரை அடி இருப்பான்" என்பார்கள். அதைக் காகிதத்தில் 5.5 என்று எழுதினால் கால்குலேட்டர் சரியாகவே போடும், ஏனென்றால் இங்கே புள்ளி உண்மையிலேயே தசமப் புள்ளி. விடை 167.64. ஆனால் 5 அடி 5 இன்ச் ஆளும் 5.5 என்றுதான் எழுதிக்கொள்கிறார். அவருடைய அளவு 165.1. காகிதத்தில் ஒரே எழுத்து, ஆனால் ஒரு முழு இன்ச் வித்தியாசம். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குப் பொதுவாக 170 சென்டிமீட்டரும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 167 சென்டிமீட்டரும் குறைந்தபட்ச உயரமாகக் கேட்கிறார்கள். 167 போதும் என்ற பிரிவில் வருகிறவருக்கு அஞ்சரை அடி என்றால் வாசல் திறந்திருக்கிறது, ஐந்தடி ஐந்து என்றால் மூடியிருக்கிறது. ஆகவே உயரத்தைக் குறித்துவைக்கும்போது புள்ளியே வேண்டாம். "5 அடி 5 இன்ச்" என்று முழுதாக எழுதிவிட்டால் யாரும் தடுமாற வேண்டியதில்லை.

சரியான கணக்கு மிக எளிது. அடியை 12 ஆல் பெருக்கி, மிச்ச இன்ச்சைக் கூட்டி, வரும் மொத்த இன்ச்சை 2.54 ஆல் பெருக்க வேண்டும். 5 அடி 7 இன்ச் என்றால் 60 உம் 7 உம் 67 இன்ச். 67 ஐ 2.54 ஆல் பெருக்கினால் 170.18. கால்குலேட்டர் கையில் இல்லாதவர்கள் ஐந்தடிக்கு 152.4 சென்டிமீட்டர் என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நம்மில் பெரும்பாலோர் ஐந்தடிக்கும் ஆறடிக்கும் நடுவில்தான் இருக்கிறோம். அதனால் 152.4 உடன் மிச்ச இன்ச்சுக்கு உரியதைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஏழு இன்ச்சுக்கு 17.78. கூட்டினால் அதே 170.18.

சிலர் சுருக்கு வழி என்று அடிக்கு 30, இன்ச்சுக்கு இரண்டரை என்று போடுவார்கள். துணி எடுக்கும்போது அது போதும். இங்கே போதாது. ஐந்து அடிக்கு 150, ஏழு இன்ச்சுக்கு 17.5, ஆக 167.5 என்று வரும். புள்ளிக் கணக்கு மூன்றரை சென்டிமீட்டரைக் கூட்டியது என்றால் இந்தச் சுருக்கு வழி இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் குறைத்துவிடுகிறது. தகுதி உள்ள பையன் ஒருவன் 167.5 ஐப் பார்த்துவிட்டு, நமக்கு 170 இல்லை என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடக்கூடும். முதல் தவறாவது மைதானத்தில் வெளிப்படும். இரண்டாவது தவறு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

2.54 என்பது தோராயமான எண் என்று பலர் நினைக்கிறார்கள், அதற்குப் பின்னால் நீளமான தசமம் ஏதோ ஒளிந்திருப்பதுபோல. அப்படி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்க இன்ச்சும் பிரிட்டிஷ் இன்ச்சும் மயிரிழை வித்தியாசத்தில் வேறுபட்டிருந்தன. 1959 இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் சேர்ந்து ஓர் இன்ச் என்பது சரியாக 2.54 சென்டிமீட்டர் என்று ஒப்புக்கொண்டன. அதற்குள் இந்தியா மெட்ரிக் முறைக்கே சட்டம் இயற்றிவிட்டது, 1956 இல். சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. பாலை லிட்டரிலும் அரிசியை கிலோவிலும் வாங்கப் பழகிவிட்டோம். ஆளின் உயரமும் வீட்டுமனையும் மட்டும் இன்னும் அடியை விடவில்லை.

சூத்திரம் துல்லியமானது, சரி. அதற்குள் நாம் போடும் எண் துல்லியமானதா? கூகுள் 170.18 என்று இரண்டு தசமம் காட்டுவதால் அந்தப் பையனின் உயரம் அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடாது. "அஞ்சு ஏழு" என்பது கதவுநிலையில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்து இன்ச்சுக்கு ஒதுக்கிச் சொன்ன அளவு. ஆறரை இன்ச்சைத் தாண்டியவரும் ஏழு என்பார், ஏழரையைத் தொடாதவரும் ஏழு என்பார். சென்டிமீட்டரில் பார்த்தால் அது 168.9 இலிருந்து 171.4 வரை எதுவாகவும் இருக்கலாம். 170 என்ற கோடு இந்த இடைவெளியின் நடுவே ஓடுகிறது. எந்தச் சூத்திரமும் இதைத் தீர்க்காது. எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சென்டிமீட்டரிலேயே அளந்துவிடுவதுதான் ஒரே வழி.

அளப்பதற்குத் தையற்காரர் டேப் சரிப்பட்டு வராது. பெரும்பாலும் அது 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். இரண்டாவது தடவை பிடிக்கும் இடத்தில் தவறு நுழையும். பழைய டேப் என்றால் இழுபட்டு நீண்டும் இருக்கும், அதில் அளந்தால் உயரம் குறைவாகக் காட்டும். கொத்தனார் வைத்திருக்கும் இரும்பு டேப் நல்லது. அடியில் பலகை ஓட்டமோ பாயோ இல்லாத, தரை மட்டமான சுவரை எடுத்துக்கொள்ள வேண்டும். செருப்பு, ஷூ, சாக்ஸ் எதுவும் கூடாது. குதிகாலும் முதுகும் சுவரைத் தொட, நேராகப் பார்த்து நிற்க வேண்டும். முகவாயைத் தூக்கினால் உயரம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். தலையின் உச்சி பின்னால் சாய்வதால் உண்மையில் குறையத்தான் செய்யும். கண்ணின் கீழ்விளிம்பும் காதுத்துளையும் தரைக்கு இணையாக ஒரே கோட்டில் இருந்தால் தலை சரியான நிலையில் இருக்கிறது. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்க, அடிப்பக்கத்தை முடி அமுங்கும்படி தலையில் வைத்து, இன்னொருவர் கோடு போட வேண்டும். பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட வேண்டும். மூன்று முறை அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் புத்தகம் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

எப்போது அளக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகின்றன. எழுந்து நடமாடினால் உடல் எடையில் அழுந்தி நீரை விடுகின்றன. காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ குறைந்துவிடும். அதில் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். படுக்கையிலிருந்து எழுந்ததும் அளந்து 170.3 என்று வந்தவர், மைதானத்தில் வரிசையில் நின்று பதினோரு மணிக்கு முறை வரும்போது 169.5 ஆக இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் வீட்டில் அளப்பதை முற்பகலிலோ மாலையிலோ வைத்துக்கொண்டால், பிறகு ஏமாற்றம் இருக்காது.

கட்டத்தில் முழு எண் மட்டும் ஏற்கும் படிவங்களில் 168.9 ஐ 169 என்று எழுதுவதில் பிழையில்லை. 169.6 ஐ 170 என்று எழுதுவதும் கணக்குப்படி சரிதான். ஆனால் குறைந்தபட்சம் 170 என்று கேட்கும் வேலைக்கு அப்படி எழுதுவதால் எதுவும் கிடைக்காது. உயரம் பார்க்கிறவர் படிவத்தைப் பார்ப்பதில்லை, அளவுகோலைத்தான் பார்க்கிறார்.

பாஸ்போர்ட் கதை வேறு. கையால் எழுதித் தந்த காலத்து இந்தியப் பாஸ்போர்ட்டில் உயரத்துக்கும் கண் நிறத்துக்கும் இடம் இருந்தது. இன்றைய புத்தகத்தில் அது இல்லை. ஜெர்மனியின் பாஸ்போர்ட்டில் இன்றும் உயரம் சென்டிமீட்டரில் அச்சாகிறது. அமெரிக்காவின் DS-11 படிவம் தலைகீழ். அது அடியும் இன்ச்சும் கேட்கும். அங்கே குடியுரிமை பெற்ற நம்மவர்கள், ஊரில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சென்டிமீட்டரை அடிக்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்போது பழைய புள்ளி மறுபடி எட்டிப் பார்க்கும். 164 சென்டிமீட்டர் உள்ள பெண் ஒருவர் அதை 30.48 ஆல் வகுத்தால் 5.38 வரும். அதை ஐந்தடி மூன்று இன்ச் என்றோ, ஒதுக்கி ஐந்தடி நான்கு என்றோ எழுதத்தான் கை போகும். இரண்டும் தவறு. 164 ஐ 2.54 ஆல் வகுக்க வேண்டும். 64.57 இன்ச் வரும். அதில் ஐந்தடிக்கு உரிய 60 ஐக் கழித்தால் 4.57. பக்கத்து முழு இன்ச்சுக்கு ஒதுக்கினால் அந்தப் பெண் 5 அடி 5 இன்ச்.