சுங்கக் கதவைத் தாண்டியதும் வலமா, இடமா?

நள்ளிரவு தாண்டி சித்தப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. திருச்சியில் விமானம் ஏறியவர் கோலாலம்பூரில் இறங்கியிருந்தார். "தம்பி, வேன் ஃபர்ஸ்ட் ஃப்ளோருக்கு வரும்னு ஓட்டல்ல எழுதியிருந்தாங்க. லிஃப்ட்ல மாடிக்கு வந்து அரை மணி நேரமா நிக்கிறேன். ஒரு வண்டியையும் காணோம்."

ஓட்டல்காரர்கள் 'Level 1' என்றுதான் எழுதியிருந்தார்கள். நம் ஊரில் தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் தளம். கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் அது வாகனங்கள் வந்து நிற்கும் கீழ்த்தளம். பயணிகள் வெளியே வருவது Level 2, விமானம் ஏறப் போவது Level 3. சித்தப்பா தான் நின்ற இடத்தைத் தரைத்தளம் என்று எண்ணிக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தில் ஏறிவிட்டார்.

அங்கே முனையங்களும் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலிலோ பேருந்திலோ போகலாம். முதல் முனையத்தில் வருகைப் பகுதி இருப்பது Level 3. ஆகவே "வருகைப் பகுதியில் வேன் நிற்கும்" என்று பதில் வந்தால் அதை வைத்து ஓர் அடிகூட நடக்க முடியாது. ஓட்டல் ஊழியர் தினமும் பார்க்கும் இடம் என்பதால் அவருக்கு அந்தப் பதிலே போதும். முதல்முறை வருபவரின் இடத்தில் அவரை நிறுத்திவைப்பது நம் கேள்வியின் வேலை.

வரவேற்பு மேசையைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அது குடிநுழைவுச் சோதனைக்கு உள்ளேயா, வெளியேயா என்பதைத்தான். இதே இரண்டாம் முனையத்தில் கேப்சூல் டிரான்சிட் என்ற தங்குமிடம் ஒரே பெயரில் இரண்டு பக்கமும் இருக்கிறது. உள்ளே இருப்பது, சோதனையைத் தாண்டாமல் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவர்களுக்கானது. உள்ளே அறை எடுத்துவிட்டு, பெட்டியை எடுப்பதற்காகக் குடிநுழைவைத் தாண்டிவிட்டால், நினைத்தபடி திரும்ப உள்ளே போக முடியாது. பெட்டி கடைசி ஊர் வரை நேராகப் போகிறதா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்ட பிறகே இந்த அறையை எடுக்க வேண்டும்.

மறுமுறை சித்தப்பா புறப்பட்டபோது, வெளியே உள்ள ஓர் ஓட்டலுக்கு அவருக்காக நான் எழுதிய மின்னஞ்சலின் சாரம் இது. எளிய ஆங்கிலத்தில், ஒரு வரிக்கு ஒரு கேள்வியாக அனுப்பினேன்.

"கடவுச்சீட்டில் உள்ள பெயரும் முன்பதிவு எண்ணும் மேலே உள்ளன. விமானம் இரண்டாம் முனையத்தில் 15ஆம் தேதி அதிகாலை 12.40க்கு இறங்குகிறது. அறை 14ஆம் தேதி இரவுக்கானது. இரண்டு பேர், இரண்டு பெரிய பெட்டிகள்.

1. பெட்டியோடு சுங்கக் கதவைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டுமா, இடப்பக்கமா? வேன் நிற்கும் தளம் எது, கதவு எண் என்ன?
2. வேனின் நிறம் என்ன? அதன்மேல் என்ன பெயர் எழுதியிருக்கும்?
3. அந்த நேரத்தில் வேன் ஓடுமா? குறித்த நேரத்தில் வருமா, அழைத்தால்தான் வருமா? கட்டணம் உண்டா?
4. விமானம் தாமதமானால் எந்த எண்ணை அழைப்பது? அதில் வாட்ஸ்அப் உண்டா?
5. வரவேற்பு மேசை ஓட்டலின் எந்தத் தளத்தில் இருக்கிறது? இரவில் ஆள் இருப்பார்களா?

வேன் நிற்கும் இடத்தின் படம் ஒன்று அனுப்பினால் உதவியாக இருக்கும்."

தேதியை இரண்டு விதமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. நள்ளிரவு தாண்டி இறங்குபவர் 15ஆம் தேதிக்கு அறை எடுத்தால், அது அன்று பிற்பகலில்தான் கிடைக்கும். 14ஆம் தேதிக்கு எடுத்துவிட்டு நேரத்தைச் சொல்லாமல் இருந்தால், இரவு வரவில்லை என்று ஓட்டலே அறையை ரத்து செய்துவிடக்கூடும். வாட்ஸ்அப்பைக் கேட்டது, இந்திய சிம் அங்கே வேலை செய்யாவிட்டாலும் விமான நிலைய வைஃபையில் பேசலாம் என்பதற்காக.

பதில் வந்ததும் சரிபார்க்க ஒரு வழி உண்டு. முனையம், தளம், கதவு மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த ஒன்றை மட்டும் மறுபடி கேளுங்கள். "வந்ததும் அழையுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால், நின்றுகொண்டு அழைக்க வேண்டிய இடம் எது என்று கேளுங்கள்.

அந்தப் பதிலைத் தாளில் அச்செடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிப் படித்தவர், Level 1 என்ற இடத்தில் விரலை வைத்தார். "இது கீழதானே?"