ஃபெரிட்டின் காட்டாத இரும்பு

சென்ற வாரம், தலசீமியா மேஜர் உள்ள குழந்தைக்கு ஏன் ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று பார்த்தோம். அந்த ரத்தமே கொண்டுவரும் ஆபத்தை இந்த வாரம் பார்ப்போம்.

ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் இரண்டு பை ஏற்றினால் ஆண்டுக்கு 5 கிராமை நெருங்கிவிடும். ஆரோக்கியமான ஒருவரின் உடம்பில் உள்ள மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். மனித உடம்புக்கு இரும்பை வெளியேற்றத் தனி வழி கிடையாது. நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் கழிவதோடு சரி. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் நிரம்பி வழிந்த பிறகு, பிடிப்பாரற்ற இரும்பு இதயத் தசைக்குள் நுழைகிறது. கால்சியம் போய்வரும் வாசல்களே அதற்கும் வழிவிடுகின்றன. உள்ளே போனதும் செல்களை அரிக்கிறது; துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கிறது. இரும்பை அகற்றாவிட்டால், தலசீமியா நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இந்த இதயச் செயலிழப்புதான்.

இதில் கொடுமை என்னவென்றால், வழக்கமான சோதனைகள் இதைக் கடைசிவரை காட்டாமல் இருக்கலாம். 22 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளி, கல்லூரி நாட்களில் இரும்பை அகற்றும் டெஃபெராக்ஸமின் ஊசியைப் பல ஆண்டுகள் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை. இரவுதோறும் எட்டு, பத்து மணி நேரம் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைச் செருகி, சிறு பம்பைக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டிய சிகிச்சை அது. அந்த வயதில் வெறுத்துப்போனதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு இரண்டு ஆண்டுகளாக ஒழுங்காகப் போடுகிறார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 1,100க்கு இறங்கிவிட்டது. எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் திறன் 60 சதவீதம். எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் ஈரலிலிருந்து இரும்பு சில மாதங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். இதயத்திலிருந்து நீங்க ஆண்டுகள் ஆகும். ஃபெரிட்டின் பெருமளவுக்கு ஈரலின் கணக்கைத்தான் சொல்கிறது. அந்த 60 சதவீதத்தையும் நம்பிவிட முடியாது. ரத்தசோகை உள்ளவரின் இதயம் இயல்பிலேயே கூடுதலாக உழைப்பதால், மற்றவர்களுக்குச் சரியான அளவு இவருக்குச் சரிவின் தொடக்கமாக இருக்கலாம்.

இந்த இருட்டை விலக்கியது லண்டன் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையின் லிசா ஆண்டர்சன், டட்லி பென்னல் குழுவினர் 2001இல் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. முறை. பெயர் ‘டி2 ஸ்டார்’. எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் உடம்பிலிருந்து எழும் சமிக்ஞை மெல்ல மங்கும். திசுவில் தேங்கிய இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால், அங்கே அது வேகமாக மங்கும். எவ்வளவு வேகம் என்பதை மில்லிசெகண்டில் அளக்கிறார்கள். ஒருமுறை மூச்சை அடக்கியிருக்கும் நேரத்தில் இதயத்தின் ஒரு குறுக்குவெட்டை அடுத்தடுத்துப் படமெடுக்கிறார்கள். சாய ஊசி தேவையில்லை. இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில்தான் அளக்க வேண்டும். வெளிச்சுவரில் அளந்தால் பக்கத்திலுள்ள நுரையீரலின் காற்றே கணக்கைக் கெடுத்துவிடும்.

20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் பயமில்லை. அதற்குக் கீழே இறங்கினால் இதயத்தில் இரும்பு ஏறியிருக்கிறது. 10க்குக் கீழே போனால் அபாயம். 652 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்களில் 98 சதவீதத்தினருக்கு அளவு 10க்குக் கீழேதான் இருந்தது. நம் 22 வயதுப் பெண்ணுக்கு 9 என்று வருகிறது. ஃபெரிட்டினை நம்பி மருந்தைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இனி சிகிச்சையைக் கூட்ட வேண்டும். ஊசியோடு டெஃபெரிப்ரோன் மாத்திரையும் சேர்க்கிறார்கள். இதன் மூலக்கூறு சிறியது, இதயச் செல்லுக்குள்ளேயே நுழைந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு வரும். இத்தாலியின் சார்டினியா தீவில் 65 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஊசி மட்டும் போட்டவர்களுக்கு ஓராண்டில் டி2 ஸ்டார் சுமார் 12இலிருந்து 16க்கு உயர்ந்தது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 12இலிருந்து 18ஐ நெருங்கியது. பம்ப் செய்யும் திறனும் கூடுதலாகத் தேறியது. மூச்சுத்திணறலோடு வருபவரின் இதயம்கூட, இரவு பகலாக நரம்பு வழியே டெஃபெராக்ஸமின் ஏற்றினால் மீள வாய்ப்புண்டு. பிரிட்டனில் இந்த ஸ்கேனும் தீவிர சிகிச்சையும் பரவிய பிறகு, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இரும்பேற்றத்தால் நேர்ந்த இறப்புகள் சுமார் 70 சதவீதம் குறைந்தன.

டெஃபெரிப்ரோனுக்கு ஒரு விலை உண்டு. நூறில் ஒருவருக்கு, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திடீரென அடியோடு குறைந்துவிடலாம். அதனால்தான், குறிப்பாகத் தொடக்க மாதங்களில், வாராவாரம் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்பவர் இருந்தால், பத்து வயதை எட்டியதும் டி2 ஸ்டார் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எல்லா எம்.ஆர்.ஐ. மையத்திலும் இது நடக்காது. இதயத்துக்கு இதை அளக்கும் மென்பொருளும் பழகிய கையும் உள்ள இடமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். டெஃபெரிப்ரோன் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ரத்தம் பரிசோதியுங்கள்.