இரண்டு குடுவை, பதினாறு நிலை

1995-இல் வந்த 'டை ஹார்ட் வித் எ வெஞ்சன்ஸ்' படத்தில் புரூஸ் வில்லிஸும் சாமுவேல் ஜாக்சனும் ஒரு நீரூற்றின் அருகே தவிப்பார்கள். கையில் 5 காலன் குடுவை ஒன்று, 3 காலன் குடுவை ஒன்று. சரியாக 4 காலன் தண்ணீரை எடைத்தட்டில் வைத்தால்தான் வெடிகுண்டு அடங்கும்.

நாமாக இருந்தால் ஊற்றுவோம், கவிழ்ப்போம், நாலைந்து தடவைக்குப் பிறகு குழம்பிப்போவோம். கணினிக்காரர்கள் தண்ணீரைத் தொடுவதற்கு முன் தாளை எடுப்பார்கள். இந்த நொடியில் பெரியதில் எவ்வளவு, சின்னதில் எவ்வளவு? அந்த இரண்டு எண்கள்தான் 'நிலை'. இரண்டும் காலியாக இருந்தால் (0,0). ஒவ்வொரு நிலையையும் ஒரு புள்ளியாக வைத்து, ஒரே செயலில் போகக்கூடிய புள்ளிக்கு அம்பு போட வேண்டும். செயல்கள் மூன்றே வகை: ஒன்றை நிரப்பலாம், ஒன்றைக் கொட்டிவிடலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முடிந்த மட்டும் ஊற்றலாம். இந்தப் புள்ளிகளும் அம்புகளும் சேர்ந்ததே கிராஃப்.

எண்களை மட்டும் பார்த்தால் 24 ஜோடிகள் வரும். ஆனால் எந்தச் செயலும் ஒரு குடுவையையாவது நிறைத்தோ காலியாக்கியோதான் முடியும். ஆகவே (2,1) போன்றவை வரவே வராது, மிஞ்சுவது 16.

இனித் தேடல். (0,0)-இலிருந்து ஒரு செயலில் எட்டுபவை (5,0), (0,3). அவற்றிலிருந்து புதிதாகக் கிடைப்பவை (5,3), (2,3), (3,0). இப்படி ஒரு சுற்றை முழுதாக முடித்த பிறகே அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். முன்பே பார்த்த நிலை வந்தால் தள்ளிவிட வேண்டும். இதை மறந்தால் நிரப்புவதும் கொட்டுவதுமாக, செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருப்போம். ஒவ்வொரு புது நிலைக்குப் பக்கத்திலும் அது எதிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது சுற்றில் (4,3) தலைகாட்டும். குறிப்புகளைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் வழி கிடைக்கும்:

```
(0,0) → (5,0) → (2,3) → (2,0) → (0,2) → (5,2) → (4,3)
```

ஐந்தில் இரண்டு மீதி வைத்து, அதைச் சின்னதுக்கு மாற்றி, பெரியதை மறுபடி நிரப்பி, சின்னதில் இருக்கும் ஒரு காலன் இடத்துக்கு ஊற்றினால் பெரியதில் நிற்பது 4. சின்னதை முதலில் நிரப்பிப் புறப்பட்டாலும் (4,0)-க்கு வரலாம், ஆனால் எட்டுச் செயல் ஆகும். சுற்றுச் சுற்றாகத் தேடாமல் ஒரே வழியில் ஆழமாகப் போகிறவருக்கு அந்த நீள வழி முதலில் மாட்டிக்கொள்ளக்கூடும். நமக்கோ, ஐந்து சுற்றிலும் 4 வரவில்லை என்பதால், ஆறுதான் மிகக் குறைவு என்று உறுதியாகத் தெரியும்.

குடுவைகள் 6, 4 ஆகவும் வேண்டியது 3 ஆகவும் இருந்தால்? இங்கே ஊற்றிப் பார்ப்பவர் விடியும்வரை ஊற்றிக்கொண்டிருப்பார். தாளில் தேடுகிறவருக்கு 10 நிலைகளோடு பட்டியல் தீர்ந்துவிடும். எல்லாமே இரட்டைப்படை எண்கள். 3 எதிலும் இல்லை.