பீட்டாவும் பங்கின் நியாய விலையும்

ஒட்டுமொத்தச் சந்தை 1 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ ஒரு பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் அசைகிறது என்பதைக் காட்டும் எண் பீட்டா. கடந்த ஐந்தாண்டுகளில் மாதந்தோறும் அந்தப் பங்கு தந்த லாப நட்டத்தையும், அதே மாதங்களில் நிஃப்டி 50 போன்ற குறியீடு தந்த லாப நட்டத்தையும் வரைபடத்தாளில் புள்ளிகளாகக் குறித்து, அவற்றின் ஊடே பொருத்தமாக ஒரு நேர்கோடு இழுத்தால், அதன் சாய்வே பீட்டா. பீட்டா 1 என்றால் பங்கு சந்தையின் அளவுக்கே அசைகிறது. 1.6 என்றால் அதைவிட வேகமாக, 0.6 என்றால் அதைவிட நிதானமாக அசைகிறது. அரசு வெளியிடும் 91 நாள் டிரெஷரி பில்லுக்குப் பீட்டா சுழி. சந்தை என்ன ஆட்டம் ஆடினாலும் அதன் வட்டி மாறாது.

பல பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் போர்ட்ஃபோலியோவின் பீட்டாவைக் கணக்கிடுவது எளிது. ஒவ்வொரு பங்கின் பீட்டாவையும் அதில் போட்டிருக்கும் பணத்தின் பங்கால் பெருக்கிக் கூட்டினால் போதும். ஒருவரிடம் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதில் 4 லட்சம் பீட்டா 1.2 உள்ள வங்கிப் பங்கிலும், 3 லட்சம் பீட்டா 0.6 உள்ள சோப்பு, பற்பசை கம்பெனியிலும், 2 லட்சம் பீட்டா 1.6 உள்ள எஃகுக் கம்பெனியிலும், 1 லட்சம் டிரெஷரி பில்லிலும் இருக்கின்றன என்று கொள்வோம். 0.48, 0.18, 0.32, சுழி ஆகியவற்றைக் கூட்டினால் 0.98 வருகிறது.

இது வெறும் வாய்ப்பாடு அல்ல என்பதை ரூபாயில் போட்டுப் பார்த்தால் தெரியும். சந்தை 2 சதவீதம் விழும் நாளில், பீட்டா சொல்வதுபோலவே நடந்தால், வங்கிப் பங்கில் 9,600 ரூபாயும், சோப்புக் கம்பெனியில் 3,600 ரூபாயும், எஃகில் 6,400 ரூபாயும் குறையும். மொத்தம் 19,600 ரூபாய். 10 லட்சத்தில் அது 1.96 சதவீதம், அதாவது 2 சதவீதத்தின் 0.98 மடங்கு. ஒவ்வொரு பங்கும் சந்தையோடு சேர்ந்து அசையும் பகுதியை மட்டுமே பீட்டா அளப்பதால், அந்தப் பகுதிகளை நேரடியாகக் கூட்டிவிட முடிகிறது. மொத்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்ட விலக்கத்தை இப்படிச் சராசரி எடுக்க முடியாது. ஒரு கம்பெனிக்கு மட்டுமே நேரும் நல்லது கெட்டதுகள் மற்றக் கம்பெனிகளுடையவற்றோடு கலந்து ஓரளவு கழிந்துபோகும். அந்தக் கழிவு திட்ட விலக்கத்தில் தெரியும், பீட்டாவில் தெரியாது.

கணக்கில் பலர் தவறுவது எடையில்தான். வாங்கிய விலையை வைத்து எடை போடக் கூடாது, இன்றைய சந்தை மதிப்பை வைத்தே போட வேண்டும். மேலே சொன்ன எஃகுப் பங்கு மட்டும் 50 சதவீதம் ஏறி 3 லட்சமானால் மொத்தம் 11 லட்சமாகிறது. போர்ட்ஃபோலியோவின் பீட்டா ஏறத்தாழ 1.04 ஆகிவிடுகிறது. உரியவர் ஒரு பங்கைக்கூட வாங்கவோ விற்கவோ இல்லை. ஆனாலும் அவர் கையில் இருப்பது இப்போது சந்தையைவிடச் சற்று வேகமாக ஆடும் போர்ட்ஃபோலியோ.

பீட்டா இப்படிச் சராசரியாகிற எண் என்பதாலேயே நியாய விலையைச் சொல்லும் நேர்கோடு பிறக்கிறது. டிரெஷரி பில் 7 சதவீதம் தருகிறது, சந்தையிலிருந்து நீண்ட நோக்கில் 12 சதவீதம் எதிர்பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டு ஃபண்டில் 60 ரூபாயும் டிரெஷரி பில்லில் 40 ரூபாயும் போட்டால், அந்தக் கலவையின் பீட்டா 0.6; எதிர்பார்க்கும் லாபம் 7.2, 2.8 இரண்டும் சேர்ந்து 10 சதவீதம். விகிதத்தை மாற்ற மாற்றப் பீட்டாவும் லாபமும் ஒரே அளவில் நகர்கின்றன. கிடைமட்டத்தில் பீட்டாவையும் செங்குத்தில் லாபத்தையும் குறித்தால், இந்தக் கலவைகள் அனைத்தும் ஒரே நேர்கோட்டில் விழும். அதுதான் செக்யூரிட்டி மார்க்கெட் லைன். வில்லியம் ஷார்ப் 1964லும் ஜான் லிண்ட்னர் 1965லும் வெளியிட்ட கோட்பாட்டின் மையமே இந்தக் கோடு. ஷார்ப்புக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி ஒரு பங்கை இந்தக் கோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எஃகுப் பங்கின் இன்றைய விலை 200 ரூபாய். ஓராண்டு கழித்து அது 222 ரூபாயாகும், இடையில் 4 ரூபாய் டிவிடெண்ட் வரும் என்பது மதிப்பீடு. அப்படியானால் லாபம் 13 சதவீதம். சோப்புக் கம்பெனிப் பங்கின் விலை 500. ஓராண்டில் 545 ரூபாயும் 15 ரூபாய் டிவிடெண்டும் வரலாம் என்றால் லாபம் 12 சதவீதம். மேலோட்டமாகப் பார்ப்பவர் எஃகையே எடுப்பார். கோடு வேறு தீர்ப்புச் சொல்கிறது. பீட்டா 1.6 உள்ள பங்கு 7 சதவீதத்தோடு 5இன் 1.6 மடங்கையும் சேர்த்து 15 சதவீதம் தர வேண்டும். எஃகு தருவது 13 மட்டுமே. அதன் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுகிறது. வரவேண்டிய 226 ரூபாயை 1.15ஆல் வகுத்தால் நியாய விலை 196 ரூபாய் 52 காசு. 200 என்பது அதிகம். பீட்டா 0.6 உள்ள சோப்புப் பங்கு 10 சதவீதம் தந்தாலே போதும். அது 12 தருகிறது. 560ஐ 1.10ஆல் வகுத்தால் நியாய விலை ஏறத்தாழ 509 ரூபாய். 500க்கு அது மலிவு.

புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் பங்கு விலை குறைவு, கீழே இருந்தால் விலை அதிகம். முதல்முறை படிப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். செங்குத்தில் இருப்பது லாபம், விலை அல்ல என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும். மலிவென்று தெரிந்த பங்கைப் பலர் வாங்கினால் விலை ஏறும். விலை ஏற ஏற, புதிதாக வாங்குபவருக்குக் கிடைக்கும் லாபம் குறைந்து புள்ளி கோட்டை நோக்கி இறங்கும்.

தீர்ப்பை எழுதுமுன் பீட்டாவையே சந்தேகிக்க வேண்டும். அறுபது மாதப் புள்ளிகளிலிருந்து கிடைத்த 1.6 ஒரு மதிப்பீடுதான். அதன் திட்டப் பிழை 0.25 என்று கணினி காட்டினால், உண்மையான பீட்டா 1.1 முதல் 2.1 வரை எங்கும் இருக்கலாம். அப்போது தேவையான லாபம் 12.5 முதல் 17.5 வரை விரிகிறது. எஃகின் 13 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அரிதாகவே கைமாறும் சிறு கம்பெனிப் பங்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சந்தை அசைந்த நாளில் அவற்றில் வியாபாரமே நடந்திருக்காது. பழைய விலையே பதிவாகிப் பீட்டா பொய்யாகக் குறைந்து தெரியும்.

கோட்டின் மேல்பாதியில் இன்னும் ஆழமான குறை இருக்கிறது. நியூயார்க் சந்தையின் பல பத்தாண்டு விலைகளை ஆராய்ந்த ஃபிஷர் பிளாக், மைக்கேல் ஜென்சன், மைரன் ஷோல்ஸ் மூவரும் 1972இல் வெளியிட்ட கட்டுரையில், உண்மையான கோடு கோட்பாடு சொல்வதைவிடத் தட்டையாக இருப்பதைக் காட்டினர். பீட்டா குறைந்த பங்குகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவும், பீட்டா மிகுந்தவை குறைவாகவும் தந்திருந்தன. காரணம் கடன் என்பது பிளாக்கின் விளக்கம். பீட்டா 1.6 வேண்டுமானால், கையில் உள்ள 100 ரூபாயோடு 60 ரூபாய் கடன் வாங்கி, 160ஐயும் குறியீட்டு ஃபண்டில் போட வேண்டும். 7 சதவீத வட்டிக்குக் கடன் கிடைத்தால் லாபம் 19.2இலிருந்து 4.2 போக 15 சதவீதம். அரசுக்குக் கிடைக்கும் வட்டியில் சாதாரண முதலீட்டாளருக்கு யாரும் கடன் தருவதில்லை. அவர் அதற்குப் பதிலாக வேகமாக ஆடும் பங்குகளையே நேரடியாக வாங்குகிறார். அவற்றின் விலை ஏறி லாபம் சுருங்குகிறது. கடன் வட்டி 10 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் தேவையான லாபம் 13.2 ஆகிறது, எஃகுப் பங்கின் நியாய விலை 199 ரூபாய் 65 காசு வரை ஏறிவிடுகிறது.