தாலி கட்டும் நேரத்தில் எந்த லென்ஸ்?

கல்யாண மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து தாலி கட்டுவதைப் படமெடுக்க, பலரும் போன் திரையை இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போவார்கள். பிறகு பார்த்தால் மணப்பெண்ணின் முகம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருக்கும். புடவையின் ஜரிகை கலங்கிப்போயிருக்கும்.

மெயின் லென்ஸில் இப்படி விரிக்கும்போது லென்ஸ் எதுவும் நகர்வதில்லை. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து போன் பெரிதாக்குகிறது. இதுதான் டிஜிட்டல் ஜூம். 12 மெகாபிக்சல் படத்தை மூன்று மடங்கு விரித்தால், நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 1.3 மெகாபிக்சல். மீதிப் புள்ளிகளை போன் ஊகித்து நிரப்புகிறது. கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகிறது.

டெலிபோட்டோ அப்படியல்ல. தூரத்துக் காட்சியை லென்ஸே பெரிதாகக் கொண்டுவருவதால் எல்லாப் புள்ளிகளும் உண்மையானவை. உங்கள் போனில் அது 3x என்றால், 2.8-இல் நிற்காமல் 3x பொத்தானையே தொடுங்கள். அதற்குக் கீழே பெரும்பாலும் வேலை செய்வது மெயின் லென்ஸும் வெட்டும்தான். முகங்களை எடுக்கவும் இது நல்லது. கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். நாலடி தள்ளி நின்று டெலிபோட்டோவில் எடுத்தால் முகம் இயல்பாக விழும்.

ஆனால் விடியற்கால முகூர்த்தத்தில், மங்கிய வெளிச்சத்தில், டெலிபோட்டோ தடுமாறும். பொதுவாக அதன் சென்சார் சிறியது, உள்ளே வரும் ஒளியும் குறைவு. அப்போது திரையில் 3x என்று காட்டிக்கொண்டே, பல போன்கள் மெயின் லென்ஸின் படத்தை வெட்டிக் கொடுத்துவிடும். மோதிரத்தை மிக அருகில் எடுக்கும்போதும் இப்படி நடக்கலாம். டெலிபோட்டோ லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருளாவிட்டால், படம் வேறு லென்ஸிலிருந்து வருகிறது.

அந்த நேரத்தில் மேடைக்கு அருகே போய் 1x-இல் எடுப்பதே சிறந்தது. பெரும்பாலான போன்களில் மெயின் லென்ஸுக்குத்தான் பெரிய சென்சார். அது 50 மெகாபிக்சல் சென்சாராக இருந்து, போனில் 2x பொத்தானும் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் அதையும் நம்பலாம். வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்க்கும் சென்சார், அப்போது நடுப்பகுதிப் புள்ளிகளைத் தனித்தனியே பயன்படுத்தி 12 மெகாபிக்சல் அளவுக்குப் படம் தரும்.

மேடை அலங்காரம், பந்தி வரிசை முழுவதும் வேண்டுமென்றால் 0.5x அல்ட்ராவைடு. குடும்பப் படத்துக்கு வேண்டாம். ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் உடம்பும் முகமும் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். இடமிருந்தால் பின்னால் நகர்ந்து 1x-இல் எடுங்கள். இடமில்லாமல் 0.5x-ஐத்தான் எடுக்க வேண்டுமென்றால், ஆட்களை நடுவில் நெருக்கி நிறுத்தி, ஓரங்களைக் காலியாக விடுங்கள்.